முன்பணம் கேட்கும் மொத்த வியாபாரத் தளம்: எந்த அறிகுறிக்கு எதைச் சோதிப்பது?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் மளிகைக்கடை நடத்துகிறவர்களின் காசு பெரும்பாலும் கடன் புத்தகத்தில்தான் இருக்கும். தோட்டத்தில் சம்பளம் போட்டால்தான் கடைக்கு வரவு. தீபாவளிக்கு முன் உளுந்து, கடலைப்பருப்பு, நெய் என்று சரக்கு ஏற்ற வேண்டிய நேரத்தில், ஈப்போவிலிருந்து லோரி கொண்டுவரும் வழக்கமான மொத்த வியாபாரியைவிடக் குறைந்த விலையில் ஒரு வலைத்தளம் கண்ணில் படுகிறது. பாதிப் பணத்தை முன்னாலேயே கேட்கிறது. அனுப்பலாமா?

சிறு கடைக்காரர்களின் கணக்கு வழக்கைப் பார்த்துக் கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அவர்கள் கேட்கும் விதத்திலேயே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

தளம் நன்றாக இருக்கிறது. முகவரிக்கு முன்னால் பூட்டுச் சின்னமும் இருக்கிறது. போதாதா?

போதாது. உங்கள் கைப்பேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே அந்தப் பூட்டு சொல்கிறது. மறுபுறம் இருப்பவர் யார் என்று அது சொல்லாது. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, மோசடிக்காரரும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். கிடங்குப் படம், லோரிப் படம், வாடிக்கையாளர் பாராட்டு எல்லாம் வேறு தளத்திலிருந்து எடுத்து ஒட்டக்கூடியவை.

தளத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதன் வயது. முகவரி `.com`, `.shop` போன்றவற்றில் முடிந்தால் `lookup.icann.org` என்ற பக்கத்தில் அந்தப் பெயரை அடித்துப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். அதை விட்டுவிட்டு `Creation Date` என்ற வரியைத் தேடுங்கள். `.my` என்று முடிந்தால், அந்தப் பெயர்களைப் பதிவு செய்யும் மைநிக் நிறுவனத்தின் தளத்தில் உள்ள `WHOIS` தேடலில் இதே தேதி கிடைக்கும். 'இருபது ஆண்டு அனுபவம்' என்று சொல்லும் தளம் ஆறு வாரத்துக்கு முன் பதிவானதாக இருந்தால், அதற்கு அவர்கள் விளக்கம் சொல்லட்டும். பழைய நிறுவனம் புதிதாகத் தளம் திறந்திருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் அடுத்து வரும் சோதனைகளை இன்னும் கறாராகச் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

முகவரியை எழுத்து எழுத்தாகவும் படியுங்கள். உண்மையான நிறுவனத்தின் பெயரோடு `.com.my` என்று முடிய வேண்டிய இடத்தில் `-my.com` என்றோ `-borong.shop` என்றோ முடிந்தால் அது முற்றிலும் வேறு ஒருவருடைய தளம்.

கீழே நிறுவனப் பதிவு எண் போட்டிருக்கிறார்கள். அதை நம்பலாமா?

எண் இருப்பது நல்லது, ஏனென்றால் அது பேசும். பலர் அதைப் பார்த்ததும் திருப்தியாகி நகர்ந்துவிடுகிறார்கள். நிதானமாகப் படித்தால், நிறுவனங்களைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம் ஆணையத்தின் தளத்துக்குப் போவதற்கு முன்பே சில பொய்கள் வெளியே வந்துவிடும்.

2019 அக்டோபர் முதல் எஸ்எஸ்எம் கொடுக்கும் பதிவு எண் 12 இலக்கம். முதல் நான்கு, பதிவான ஆண்டு. அடுத்த இரண்டு, எந்த வகை அமைப்பு என்பதைக் காட்டும்: உள்நாட்டு நிறுவனம் என்றால் 01, தனியாள் அல்லது பங்காளிகள் நடத்தும் வணிகப் பதிவு என்றால் 03, எல்எல்பி என்றால் 04. மீதி ஆறு, வரிசை எண். பழைய நிறுவனங்களுக்கும் அவை தொடங்கிய ஆண்டை வைத்தே இந்தப் புது எண் கொடுக்கப்பட்டது. அதனால் 1996-இல் தொடங்கிய ஒரு Sdn Bhd நிறுவனத்தின் எண் 199601 என்று ஆரம்பிக்க வேண்டும். பெயர் Sdn Bhd என்று முடிந்து, எண்ணின் நடுவில் 03 இருந்தால், அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. Sdn Bhd என்பது பதிவு பெற்ற நிறுவனம், 03 என்பது எண்டர்பிரைஸ் வகை.

அடுத்து எஸ்எஸ்எம் தேடலில் எண்ணையும் பெயரையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு தேடலும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். பெயரை மட்டும் தேடிவிட்டு 'இருக்கிறது' என்று மூடிவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிற தவறு. முன்பணம் ஆயிரக்கணக்கில் போகிறது என்றால், `ssm-einfo.my` வழியாகக் கட்டணம் கட்டி விவர அறிக்கையையும் வாங்கிவிடுங்கள். நிறுவனம் என்றால் இயக்குநர்கள் யார், முகவரி எது, நிறுவனம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, கலைக்கப்பட்டதா என்பதெல்லாம் தெரியும். எண்டர்பிரைஸ் என்றால் உரிமையாளர் பெயரும் பதிவு காலாவதியாகும் தேதியும் இருக்கும். வணிகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், காலாவதியான பதிவு எண்ணை வைத்துக்கொண்டு விற்கிறவர்களும் உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் உறுதியாவது ஒன்றுதான்: அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது. இந்தத் தளம் அந்த நிறுவனத்துடையதுதானா என்பது இன்னும் தெரியவில்லை. நல்ல நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துப் போட யாராலும் முடியும்.

பணம் போடச் சொன்ன கணக்கு ஒரு தனியாளின் பெயரில் இருக்கிறது. மேனேஜர் கணக்கு என்கிறார்கள்.

என்னைக் கேட்டால் முழு விசாரணையும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. தளத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். வங்கிக் கணக்கின் பெயரை அப்படி எழுத முடியாது. தளத்தில் உள்ள பெயர், எஸ்எஸ்எம் பதிவில் உள்ள பெயர், வங்கி காட்டும் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வங்கிச் செயலியில் `DuitNow` வழியாகக் கணக்கு எண்ணையும் தொகையையும் அடித்ததும், உறுதிப்படுத்தும் பொத்தானுக்கு முன் பெறுநரின் பெயர் திரையில் வரும். அங்கே நிறுத்துங்கள். அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம், பணம் போகாது. நீளமான நிறுவனப் பெயர் சில செயலிகளில் பாதியில் வெட்டுப்பட்டுத் தெரியலாம், அது பரவாயில்லை. ஆனால் Sdn Bhd நிறுவனத்துக்குப் போக வேண்டிய பணம் ஒரு தனியாளின் பெயருக்குப் போகிறது என்றால், எந்தக் காரணம் சொன்னாலும் அனுப்பாதீர்கள். 'கம்பெனி கணக்கு ஆடிட்டில் இருக்கிறது', 'இந்தக் கணக்கில் போட்டால் தள்ளுபடி', 'பாஸ் வெளிநாட்டில் இருக்கிறார்' என்பவைதான் வழக்கமாக வரும் காரணங்கள்.

எண்டர்பிரைஸ் விஷயம் கொஞ்சம் வேறு. தனியாள் வணிகத்தில் உரிமையாளரின் சொந்தக் கணக்குக்கே பணம் வாங்குகிறவர்கள் நம் ஊரிலேயே நிறைய. அதை மட்டும் வைத்து அவரை மோசடிக்காரர் என்று சொல்வது நியாயமாகாது. இங்கேதான் அந்த விவர அறிக்கை கைகொடுக்கும். அறிக்கையில் உள்ள உரிமையாளர் பெயரும் வங்கித் திரையில் வந்த பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்று என்றால் அடுத்த படிக்குப் போகலாம். வேறு என்றால் வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, கடைக்காரர்களில் குறைவான பேருக்கே தெரியும். நிறுவனங்கள் தங்கள் வணிகப் பதிவு எண்ணையே `DuitNow` அடையாளமாகப் பதிந்துகொள்ள முடியும். 'உங்கள் பதிவு எண்ணுக்கே டுயிட்நவ் போடலாமா?' என்று கேளுங்கள். செயலியில் வணிகப் பதிவு எண் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து எண்ணை அடித்தால், அந்த எண்ணோடு இணைந்த கணக்கின் பெயர் வரும். எல்லா நிறுவனமும் இதைப் பதிந்திருக்காது, அதனால் 'இல்லை' என்று சொன்னால் அது குற்றமாகாது. ஆனால் பதிந்திருந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு தடவை செய்து காட்டுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கடைக்கார அக்கா ஒரு தளத்தைக் காட்டினார். உளுந்து, கடலைப்பருப்பு மூட்டைகளும் நெய்ப் பெட்டிகளும் சேர்த்து 7,000 வெள்ளி. 3,500 முன்பணம், மீதி சரக்கு இறங்கியதும். உளுந்து மூட்டைக்கு மட்டும் அவர் வழக்கமாகக் கொடுக்கும் விலையைவிட 40 வெள்ளி குறைவு.

தளத்தில் '1996 முதல்' என்று இருந்தது. பெயர் Sdn Bhd என்று முடிந்தது. ஆனால் பதிவு எண் 2024 என்று ஆரம்பித்து, அடுத்து 03 என்று போனது. ஆண்டும் பொருந்தவில்லை, வகையும் பொருந்தவில்லை. எஸ்எஸ்எம் தேடலில் பெயரைப் போட்டால் நிறுவனம் உண்மையிலேயே இருந்தது, 1996-ஆம் ஆண்டு எண்ணோடு. தளத்தில் போட்டிருந்த எண்ணைத் தேடினால் பருப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு எண்டர்பிரைஸ் வந்தது. அப்போதே புரிந்துவிட்டது, நல்ல நிறுவனத்தின் பெயரை யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்காவுக்கு அப்போதும் மனம் வரவில்லை. விலை அப்படி. 'எண்ணை மட்டும் தப்பாக அடித்திருப்பார்களோ?' என்றார். நியாயமான சந்தேகம்தான், எழுத்துப் பிழை யாருக்கும் வரும். அதனால் வாட்ஸ்அப்பில் கணக்கு எண் கேட்டோம். வங்கித் திரையில் தனியாள் பெயர் வந்தது. 'நாங்களே வேன் எடுத்துக்கொண்டு கிள்ளான் கிடங்குக்கு வந்து, அங்கேயே முழுப் பணமும் கொடுத்துச் சரக்கை ஏற்றிக்கொள்கிறோம்' என்று கேட்டுப் பார்த்தோம். கிடங்குக்குள் வெளியாட்களை விட மாட்டோம் என்று பதில் வந்தது. முழுப் பணத்தோடு வாசலுக்கே வருகிறேன் என்பவரை எந்த மொத்த வியாபாரியும் திருப்பி அனுப்ப மாட்டார்.

கடைசியாக ஒரு போன். அந்த நிறுவனத்தின் பருப்பு ஏற்கெனவே அக்கா கடையில் சில்லறைப் பாக்கெட்டாக இருந்தது. பாக்கெட் செய்தவர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உணவுப் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். தொலைபேசி எண்ணும் பல பாக்கெட்டுகளில் இருக்கும், இதிலும் இருந்தது. தளத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு அந்த எண்ணுக்கு அழைத்தோம். எடுத்தவர், தங்களுக்கு வலைத்தளமே கிடையாது என்றார். அவர்களிடம் நேரடியாக வாங்கலாம் என்றால் குறைந்தபட்ச ஆர்டரே அக்காவின் கடைக்குத் தாங்காத அளவு. கடைசியில் வழக்கமான ஈப்போ வியாபாரியிடமே, வழக்கமான விலைக்கே வாங்கினார்.

பாக்கெட்டில் உள்ள எண்ணுக்கு அழைக்கும் இந்தச் சோதனையைப் பெரிய பிராண்டுகளுக்கும் செய்யலாம். 'இந்தப் பெயரில் பேராக் மாநிலத்தில் உங்களுக்கு விநியோகிப்பாளர் இருக்கிறாரா?' என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

செமாக் மியூலில் தேடினேன், ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் சுத்தமான கணக்குதானே?

இல்லை. `semakmule.rmp.gov.my` என்பது போலீஸின் வணிகக் குற்றப் பிரிவு வைத்திருக்கும் தேடல். கணக்கு எண், தொலைபேசி எண், நிறுவனப் பெயர் எதை வேண்டுமானாலும் போடலாம். ஏற்கெனவே யாராவது ரிப்போர்ட் செய்திருந்தால்தான் அதில் காட்டும். காசு வாங்கிக்கொண்டு யாரோ மோசடிக்காரருக்குக் கொடுத்த வங்கிக் கணக்கைத்தான் கெல்டாய் கணக்கு என்கிறார்கள், அது புதிதாக இருந்தால் அதில் ஒன்றும் வராது. அக்கா விஷயத்திலும் வரவில்லை. பதிவு வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். வராவிட்டால் மற்றச் சோதனைகளைத் தொடருங்கள்.

'பணம் செலுத்து' என்று தட்டினால் வங்கிக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. இன்னொரு தளம் செயலி இறக்கச் சொல்கிறது.

இங்கே முன்பணத்தைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக இணையத்தில் கட்டும் உண்மையான FPX கட்டணத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்ததும், உங்கள் வங்கியின் சொந்தத் தளமோ செயலியோதான் திறக்கும். முகவரிப் பட்டையில் வங்கியின் சரியான முகவரி இருக்கும், நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் பாதுகாப்புப் படமோ சொல்லோ வரும். வங்கியின் சின்னம் இருந்தும் முகவரி இன்னும் விற்பனைத் தளத்துடையதாகவே இருந்தால், நீங்கள் அடிக்கும் கடவுச்சொல் விற்பவரின் கைக்குத்தான் போகிறது.

ஆர்டர் போடுவதற்கு என்று `.apk` கோப்பு ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி நிறுவச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். அப்படிப்பட்ட செயலி உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு, வங்கி குறுஞ்செய்தியில் உறுதி எண் அனுப்பினால் அதை எடுத்துவிடும். அப்போது போவது 3,500 மட்டுமாக இருக்காது, கணக்கில் உள்ள எல்லாமும் போகலாம். ஏற்கெனவே நிறுவியிருந்தால் கைப்பேசியின் இணையத்தை உடனே துண்டித்து, வேறு கைப்பேசியிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள்.

பாக்கெட் எண்ணெய் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்கிறார்கள்.

அரசாங்க மானியம் உள்ள ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய்க்கு 2.50 வெள்ளி என்று கட்டுப்பாட்டு விலை இருக்கிறது. அது ஒதுக்கீட்டில் வரும் பொருள், மொத்தமாக விற்க உள்நாட்டு வாணிப அமைச்சின் உரிமம் வேண்டும். உரிமம் பற்றிப் பேசாமலே 'நூறு பெட்டி, இருநூறு பெட்டி' என்று அடுக்குகிறவர் ஏமாற்றுகிறவராக இருந்தால் உங்கள் பணம் போகும். உண்மையாகவே சரக்கு கொண்டுவந்தால் அமலாக்க அதிகாரிகள் உங்கள் கடைக்கு வருவார்கள். எப்படிப் பார்த்தாலும் நமக்கு ஆகாது.

எல்லாம் பொருந்துகிறது. அப்போதும் முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் முதல் ஆர்டரைச் சிறியதாக்குங்கள். நல்ல வியாபாரிக்கும் முன்பணம் கேட்கக் காரணம் உண்டு. முன்பின் தெரியாத கடைக்காக லோரியை அனுப்பி, 'இப்போது வேண்டாம்' என்ற பதில் வந்தால் அவருக்கும் நட்டம். அதனால் முன்பணம் கேட்பதையே மோசடி என்று சொல்ல மாட்டேன். பேரம் பேசும்போது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். சரக்கு இறங்கியதும் அதே இடத்தில் முழுப் பணம், அல்லது நீங்களே போய் எடுத்துக்கொள்வது, அல்லது முதல் தடவை இரண்டு மூட்டை மட்டும் என்று சொல்லிப் பாருங்கள். இதில் ஏதாவது ஒன்றுக்கு உண்மையான வியாபாரி இறங்கி வருவார். 'இன்று மாலைக்குள் போடாவிட்டால் விலை போய்விடும்' என்று திரும்பத் திரும்ப நெருக்குகிறவர் சரக்கை விற்கும் அவசரத்தில் இல்லை, பணத்தை வாங்கும் அவசரத்தில் இருக்கிறார்.

கிரெடிட் கார்டு எடுப்பார்களா என்றும் கேளுங்கள். சரக்கு வராவிட்டால் வங்கி மூலம் ஆட்சேபித்துப் பணத்தைத் திரும்பக் கேட்க அதில் ஒரு வழியாவது உண்டு. டுயிட்நவ் போனால் போனதுதான், சில விநாடிகளில் அடுத்தவர் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதில் இவ்வளவு கவனம் கேட்பதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர் ஏமாந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் வேண்டாம், செலவும் மிகக் குறைவு. ஆனால் மறுபடி விற்பதற்காக வாங்குகிறவரை 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பயனீட்டாளராக எடுத்துக்கொள்வதில்லை. கடைச் சரக்குக்காகக் கொடுத்த முன்பணத்துக்கு அந்தக் கதவு திறக்காது. நீதிமன்றம்தான், அதுவும் ஆள் யார் என்று தெரிந்தால்.

பணம் போட்டுவிட்டேன். இப்போது போனை எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். முதலில் 997 எண்ணுக்கு அழையுங்கள். 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையம் அது, போலீஸும் வங்கிகளும் அதில் சேர்ந்து வேலை செய்கின்றன. அதோடு உங்கள் வங்கியின் 24 மணி நேர அவசர எண்ணுக்கும் அழையுங்கள். கெல்டாய் கணக்கில் விழுந்த பணத்தை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். எந்தக் கணக்கில் அது இன்னும் நிற்கிறதோ அங்கேதான் முடக்க முடியும், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அழைக்கும்போது பணம் போன நேரம், தொகை, பரிமாற்றக் குறிப்பு எண், பெறுநர் கணக்கு எண், வங்கிப் பெயர் எல்லாம் கையில் இருக்கட்டும். பிறகு போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் செய்யுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். கோபத்தில் அவர்களைத் திட்டி அனுப்பினால் தளத்தையும் எண்ணையும் மூடிவிடுவார்கள், அதனால் தளத்தின் எல்லாப் பக்கங்களையும் முதலில் திரையில் அப்படியே படம் பிடித்துவிடுங்கள்.

சில நாள் கழித்து, 'சரக்கு சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, 800 வெள்ளி கட்டினால் விடுவிக்கலாம்' என்றோ, 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் போடுங்கள்' என்றோ யாராவது அழைக்கலாம். உங்கள் எண் ஏற்கெனவே அவர்கள் பட்டியலில் இருப்பதால்தான் அந்த அழைப்பு வருகிறது. இன்னொரு வெள்ளியும் போடாமல், அந்தப் புதுக் கணக்கு எண்ணை உங்கள் வழக்கைக் கவனிக்கும் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.